தோள்ல விழுற தடம்

பிரியா: அக்காங்களா, ஒரு சந்தேகம். சாயங்காலம் பிராவைக் கழட்டினா ரெண்டு தோள்லயும் சிவந்து பள்ளம் விழுந்திருக்கு. 36பி போடுறேன். கப் சரியாத்தான் இருக்கு.

வசந்தி பெரியம்மா: தேங்காண்ணெய் தடவு கண்ணு. அந்த ஆபீஸ் பையை ஒரே தோள்ல மாட்டாத.

செல்வி சித்தி: இறுக்கம்டி அது. 38 வாங்கு.

கீதா அக்கா: 38 வேணாம் சித்தி, இன்னும் மோசமாகும். பிரியா, கண்ணாடியில முதுகைப் பாரு. பட்டி முன்பக்க மட்டத்துலயே இருக்கா, மேல ஏறியிருக்கா?

பிரியா: நல்லா ஏறியிருக்கு. அதான் ஸ்ட்ராப்பை இழுத்து வச்சிருக்கேன்.

கீதா அக்கா: இழுக்க இழுக்க இன்னும் ஏறும். பாரத்தைத் தாங்க வேண்டியது கீழ்ப்பட்டிதான். அது லூஸா இருந்தா பாரம் பூரா தோளுக்கு வந்துடும். தையல் டேப் இருக்கா? மூச்சை விட்டுட்டு, மார்புக்கு அடியில இறுக்கமா ஒரு சுத்து. அப்புறம் பேட் இல்லாத பிரா போட்டுக்கிட்டு, மார்பு எடுப்பா இருக்குற இடத்துல இறுக்காம ஒரு சுத்து. டேப் முதுகுல இறங்கக் கூடாது.

பிரியா: கீழ 32, மேல 36.

செல்வி சித்தி: பாத்தியா, 36 சரிதான். 32-ஓட 4 கூட்டிதான் கடையில தருவாங்க.

கீதா அக்கா: இன்னும் பல கடையில அப்படித்தான் சித்தி. சிலருக்கு ஒத்தும் வரும். இவளுக்கு வரலையே, பட்டி ஏறுதே. கூட்டாம பாத்தா பட்டி 32. மேலயும் கீழயும் 4 இன்ச் வித்தியாசம். 1 இன்ச்னா ஏ, 2 பி, 3 சி, 4 டி. அப்போ 32டி.

பிரியா: டியா?! அவ்ளோ பெருசாவா இருக்கேன் 🙈

கீதா அக்கா: எழுத்தை மட்டும் பாக்காத. 36பி, 34சி, 32டி மூணுலயும் கப் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதான் உனக்குக் கப் பொருந்துது, பட்டி மட்டும் பொருந்தல. பட்டியைக் குறைச்சா எழுத்தைக் கூட்டணும். 34பி வாங்கிட்டு வந்தேன்னா மேல பிதுங்கும்.

நித்யா: எனக்கு அதான்! பாப்பா பொறந்ததுல இருந்து கக்கத்துப் பக்கம் பிதுங்குது. ஆனா பட்டி நேராத்தான் இருக்கு.

கீதா அக்கா: அப்போ உனக்குக் கப்தான் சின்னது, பட்டியைத் தொடாத. பால் குடுக்குற வரைக்கும் அளவு மாறிக்கிட்டே இருக்கும். கம்பி இல்லாததா எடு.

செல்வி சித்தி: அதெல்லாம் சரி, 32டி நம்ம கடைத்தெருவுல எங்க கெடைக்கும்?

கீதா அக்கா: கஷ்டம்தான். இல்லேன்னா 34சி பாரு. புதுசுல கடைசி ஹூக்ல மாட்டும்போதே பட்டி பிடிப்பா நிக்கணும், ரெண்டு விரல் போனா போதும். எலாஸ்டிக் தளரத் தளர உள் ஹூக்குக்குப் போகலாம். புதுசுலயே உள் ஹூக் தேவைப்பட்டா வாங்காத.

பிரியா: அந்தக் கடையில போட்டுப் பாக்க விட மாட்டாங்களே.

வசந்தி பெரியம்மா: கீதா, எனக்கு முன்பக்கம் ஹூக் வச்சது கெடைக்குமா? கை பின்னாடி போக மாட்டேங்குது.