புலமைப்பரிசில் முழுவதும் வந்தும் கல்லூரிப் பேரேட்டில் 51,500 நிலுவை. உதவி தேவை, அவசரம்

தம்பியின் அக்கா (தெகிவளை)
திங்கட்கிழமை தம்பிக்குப் பரீட்சை. புலமைப்பரிசில் முழுவதும் வந்துவிட்டது, எங்கள் பங்கையும் கட்டிவிட்டோம். ஆனாலும் கல்லூரிக் கணக்கில் 51,500 ரூபாய் நிலுவை என்று காட்டுகிறது. அனுமதி அட்டை தர மறுக்கிறார்கள். இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன், எங்கள் பக்கத்தில் ஒரு சதமும் பிழையில்லை. இதை எப்படி நிரூபிப்பது?

பேராதனைப் பழையவன்
மகாபொல என்றால் பொறுமை வேண்டும், தங்கச்சி. என் காலத்தில் மாதம் 5,000 ரூபாய் என்று பேர். இரண்டு மாதம் ஒன்றும் வராது, பிறகு மூன்று மாதத்துக் காசு ஒன்றாக விழும். கன்டீன் கடன் அதுவரை ஏறிக்கொண்டே போகும். வங்கிப் புத்தகத்தை ஒருமுறை பதிந்து பாருங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்
மகாபொல மாணவனின் சொந்தக் கணக்குக்கல்லவா போகும், கல்லூரிப் பேரேட்டில் அதற்கு என்ன வேலை? இது பவுண் விவகாரம். பிரித்தானியப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் கட்டணத்தின் ஒரு பகுதி பவுணில் இருக்கும். பட்டியல் போட்ட நாளில் ஒரு விகிதம், காசு வந்த நாளில் இன்னொரு விகிதம். வித்தியாசத்தை மாணவன் தலையில் கட்டுவார்கள். என் மகளுக்கு அப்படித்தான் நடந்தது.

மருதானைக் கணக்கர்
கேள்வியில் கட்டணம் எவ்வளவு என்று இல்லை. பரிசில் யார் கொடுத்தது, யார் கைக்குப் போனது என்று இல்லை. ஆனால் ‘ஒரு சதமும் பிழையில்லை’ என்ற தீர்ப்பு மட்டும் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் கணக்காய்வு செய்தவன் சொல்கிறேன்: இரண்டு முறை கூட்டினேன் என்பவர்கள் ஒரே பிழையை இரண்டு முறை விட்டிருப்பார்கள். விவரத்தைப் போடுங்கள், பார்க்கலாம்.

தம்பியின் அக்கா
மன்னிக்கவும் ஐயா, அவசரத்தில் எழுதினேன். தனியார் உயர்கல்வி நிறுவனம், பெயர் வேண்டாம். கட்டணம் எல்லாம் ரூபாயில்தான், பவுண் இல்லை. மூன்றாம் செமஸ்டருக்கு 270,000. அதில் கல்லூரியே தரும் 25 சதவீதக் கழிவு 67,500. ஓர் அறக்கட்டளை 120,000 தருகிறது. 40,000 வீதம் மூன்று தவணை, நேரே கல்லூரிக்கு. மிச்சம் 82,500 நாங்கள் கட்டினோம். கூட்டினால் சரியாக 270,000. கல்லூரித் திரையில் இருப்பது இது:

```
INV         S3   270,000
CN          S3    30,000
RC 2118     S3    40,000
RC 2190     S3    82,500
CN          S3    30,000
RC 2304/1   S3    36,000
BAL         S3    51,500
```

இந்த 30,000 இரண்டும் என்னவென்றே விளங்கவில்லை. எங்கள் வங்கிக் கூற்றிலும் இல்லை, அறக்கட்டளையின் கடிதத்திலும் இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்
சரி, பவுணை விடுவோம். 51,500இல் 40,000 அப்படியே ஒரு தவணை. அது வரவில்லை. மிச்சம் 11,500 தாமதக் கட்டணம். முடிந்தது கதை. அறக்கட்டளைக்காரரைப் பிடியுங்கள்.

தம்பியின் அக்கா
அறக்கட்டளை மூன்று தவணையும் செலுத்தியதாகக் கடிதம் தந்திருக்கிறது, அண்ணா. தாமதக் கட்டணத்துக்கும் இடமில்லை. நாங்கள் ஒரு நாளும் பிந்திக் கட்டியதில்லை.

முன்னாள் காசாளர்
ஒரு கல்லூரியின் நிதிப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். முதலில், மொத்தத்தோடு மொத்தத்தைப் பொருத்துவதை விடுங்கள். 51,500 என்பது ஒரு பிழை அல்ல. வெவ்வேறு இடத்தில் பிறந்த சிறு தொகைகள் ஒன்றாகக் கூடி நிற்கின்றன. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எடுத்து, அதற்குரிய வரி பேரேட்டில் எது என்று தேட வேண்டும்.

அந்த இரண்டு 30,000மும் கல்லூரியின் கழிவு. அது காசாக எங்கும் நகரவில்லை. கல்லூரி தனக்குத் தானே எழுதிக்கொண்ட செலவுத்தாள், திரையில் CN என்று வரும். வங்கிக் கூற்றில் அதை ஆயுள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இரண்டு பாதியாக வந்ததற்குக் காரணம், பாதியைச் செமஸ்டர் தொடக்கத்திலும் மறுபாதியை வகுப்பு வரவு ஒழுங்கை உறுதிசெய்த பிறகும் தருவது பல இடங்களில் வழக்கம். ஆனால் இரண்டும் சேர்ந்து 60,000தான். நீங்கள் எதிர்பார்த்தது 67,500. 60,000 என்பது 240,000இன் 25 சதவீதம். பட்டியலை விரித்துப் பாருங்கள்: கற்பித்தல் கட்டணம் 240,000, பதிவும் பரீட்சையும் 30,000 என்று பிரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கழிவைக் கற்பித்தல் கட்டணத்தில் மட்டும் போட்டிருக்கிறார்கள். இங்கே 7,500 போயிற்று.

அடுத்தது 2304/1. பற்றுச்சீட்டு இலக்கத்தின் பின்னால் சாய்கோடு போட்டு 1 என்று இருந்தால், அந்தச் சீட்டு உடைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். 2304/2 எங்கோ இருக்கிறது. நீங்கள் மூன்றாம் செமஸ்டரை மட்டும் தெரிவுசெய்து பார்க்கிறீர்கள். எல்லாச் செமஸ்டர்களையும் திறவுங்கள். காணாமற்போன 4,000 பழைய நிலுவை ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கும். இந்த மென்பொருள்களில் பல, வரும் காசை மிகப் பழைய கடனுக்கே முதலில் ஈடுசெய்யும். அது புலமைப்பரிசில் காசு என்று அதற்குத் தெரியாது.

மூன்றாவது, முழுதாகக் காணாத 40,000. ‘செலுத்தினோம்’ என்ற கடிதம் அறக்கட்டளையின் சொல். ‘பெற்றோம்’ என்ற கல்லூரியின் பற்றுச்சீட்டு அந்தத் தவணைக்கு உங்களிடம் இருக்கிறதா?

தம்பியின் அக்கா
இல்லை அக்கா. முதலாம், மூன்றாம் தவணைக்கு மட்டும் இருக்கிறது. பட்டியல் நீங்கள் சொன்னபடியேதான் பிரிந்திருக்கிறது!

முன்னாள் காசாளர்
அப்படியென்றால் அறக்கட்டளையிடம் கடிதம் கேட்க வேண்டாம். வங்கியில் போட்ட படிவத்தின் பிரதியைக் கேளுங்கள்: எந்த நாள், எந்தக் கணக்குக்கு, எவ்வளவு. தொகை 40,000 என்று இல்லாமல் அதன் மடங்காக இருந்தால் வியப்படைய வேண்டாம். ஒரே கல்லூரியில் பல பிள்ளைகள் இருந்தால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் போட்டுவிடுவார்கள். கல்லூரியின் வங்கிக் கூற்றில் அறக்கட்டளையின் பெயர் மட்டும் விழும், மாணவர் இலக்கம் விழாது. யாருடையது என்று தெரியாத காசு தொங்கல் கணக்கில் போய்த் தொங்கும். பெயர்ப் பட்டியல் வரும்வரை யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

அடையாறுவாசி
சென்னையிலிருந்து படிக்கிறேன், தலை சுற்றுகிறது. மாணவனுக்குக் கிடைத்த கழிவுக்குச் ‘செலவுத்தாள்’ என்று பெயரா? அது அவனுக்கு வரவு அல்லவா? நாங்கள் வரவுக் குறிப்பு என்போம். நீங்கள் தலைகீழாக எழுதினால் அந்தப் பெண் எப்படிக் கணக்குப் பார்ப்பார்?

மருதானைக் கணக்கர்
தலைகீழாக நிற்பவர் தாங்கள்தான். இலங்கையில் பேரேட்டின் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. உயர்தரத்தில் கணக்கீடு எடுத்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மாணவன் கல்லூரிக்குக் கடன்பட்டவன், ஆகவே அவன் கணக்கில் பட்டியல் வரவில் விழும், கழிவு செலவில் விழும். தாங்கள் இடப்பக்கத்தைப் பற்று என்பீர்கள். எங்களுக்குப் பற்றுச்சீட்டு என்றால் காசு பெற்றதற்கான சீட்டு.

அடையாறுவாசி
காசு கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு, கடன் குறைந்ததற்குச் செலவுத்தாள். நல்ல தமிழ்! தொங்கல் கணக்கு மட்டும் பிடித்திருக்கிறது. எங்கள் அனாமத்துக் கணக்கைவிட அதில் படம் தெரிகிறது.

பேராதனைப் பழையவன்
இந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளலாமே? திங்கட்கிழமை பரீட்சை என்று பிள்ளை எழுதியிருக்கிறது.

தம்பியின் அக்கா
எல்லாச் செமஸ்டர்களையும் திறந்து பார்த்தேன். 2304/2 இரண்டாம் செமஸ்டரில் இருக்கிறது, 4,000. எதிரில் தாமதக் கட்டணம் என்று எழுதியிருக்கிறது. எப்படி? இரண்டாம் செமஸ்டருக்கும் எங்கள் பங்கை நேரத்துக்கே கட்டினோமே!

கொட்டாஞ்சேனைக்காரன்
தாமதக் கட்டணம் என்று நான் சொன்னேன்தானே.

மருதானைக் கணக்கர்
11,500 என்று சொன்னீர்கள்.

முன்னாள் காசாளர்
நீங்கள் பிந்தவில்லை, கழிவு பிந்தியது. அந்தச் செமஸ்டரின் இரண்டாவது செலவுத்தாளின் திகதியையும் கட்டணத்தின் கடைசித் திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டியல் முழுத் தொகைக்கும் ஒரே கடைசித் திகதியைப் போடும். கழிவின் மறுபாதியோ அந்தத் திகதி கழிந்த பிறகுதான் எழுதப்படும். இடைப்பட்ட நாட்களில் மென்பொருளின் கண்ணுக்கு அந்த 30,000 நீங்கள் கட்டாத காசு. தாமதக் கட்டணத்தைத் தானாகவே ஏற்றிவிடும். பிறகு செலவுத்தாள் வந்து 30,000த்தை அடைத்தாலும் ஏறிய 4,000 தானாக இறங்காது. ஒருவர் கையால் நீக்க வேண்டும். இந்தச் செமஸ்டரிலும் அதே கதை நடக்கலாம், இப்போதே பாருங்கள். நான் இருந்த இடத்தில் ஒவ்வொரு வருடமும் இதற்காகவே பெற்றோர் வரிசையில் நின்றார்கள். எங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

அறக்கட்டளையின் கடிதத்தில் ‘கற்பித்தல் கட்டணத்துக்கு மட்டும்’ என்று ஒரு வரி இருந்தால் அதைக் கட்டாயம் காட்டுங்கள். அப்போது அந்தக் காசைத் தாமதக் கட்டணத்துக்கு ஈடுசெய்ததே பிழை.

நிதிப் பிரிவுக்குப் போகும்போது ‘51,500 பிழை’ என்று தொடங்காதீர்கள். மூன்று தாள் கொண்டு போங்கள். ஒன்றில் 40,000, வங்கிப் படிவப் பிரதியுடன். ஒன்றில் 4,000, இரண்டு திகதிகளுடன். ஒன்றில் 7,500, கழிவுக் கடிதத்துடன். முதலாவதைத்தான் அன்றே தீர்ப்பார்கள், அனுமதி அட்டைக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

மருதானைக் கணக்கர்
7,500இல் கல்லூரி பக்கம்தான் சரி. கழிவு என்றால் கற்பித்தல் கட்டணத்தில்தான். இது உலக வழக்கு.

முன்னாள் காசாளர்
உலக வழக்கு என்ன சொன்னாலும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே கேள்வி, ஐயா. ‘கட்டணத்தில் 25 சதவீதம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் பிள்ளையின் பக்கமும் நியாயம் உண்டு.

பேராதனைப் பழையவன்
பதில் காணோம். அட்டை கிடைத்ததா, தங்கச்சி?

தம்பியின் அக்கா
கிடைத்தது. பரீட்சை முடிந்த பிறகுதான் எழுத நேரம் கிடைத்தது, மன்னிக்கவும். அறக்கட்டளை ஏழு பேருக்குச் சேர்த்து 280,000 போட்டிருக்கிறது. பெயர்ப் பட்டியல் புலமைப்பரிசில் மேசைக்குப் போய் அங்கேயே கிடந்திருக்கிறது, நிதிப் பிரிவுக்கு வரவில்லை. காசாளர் அக்கா சொன்னபடி படிவத்தைக் காட்டியதும் அரை மணித்தியாலத்தில் ஏழு பேருக்கும் பதிந்தார்கள். 4,000க்கு விண்ணப்பம் வாங்கியிருக்கிறார்கள், முடிவில்லை. கடிதத்தில் ‘கட்டணத்தில்’ என்றுதான் இருக்கிறது. 7,500ஐப் பற்றிப் பதிவாளரிடம் கேட்கச் சொன்னார்கள். பேரேட்டில் இப்போது 11,500 நிற்கிறது.

கொட்டாஞ்சேனைக்காரன்
11,500. நான் சொன்ன தொகை.