புதுப்பிப்பு: 64 ஸ்லைடில் எங்கே இருக்கிறோம்?

"கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகளுக்கு 64 ஸ்லைடு பவர்பாயிண்ட் காட்டுகிறேன். பாதியிலேயே 'இன்னும் எவ்வளவு இருக்கு?' என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

போன வாரம் கேட்டது இது. "12/64 என்று போடுங்கள்" என்றார் ஒருவர். 12 தானாக மாறும். 64 கையால் அடித்தது. இரண்டு ஸ்லைடு சேர்த்ததுமே பொய்யாகிவிட்டது. இன்னொருவர் ஊர்க் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் மாதிரியை அனுப்பினார், பாவம்.

வேலைக்கு ஆனது ஒரு அக்கா சொன்ன வழி. View > Slide Master போய், ஒரு லேஅவுட்டின் மேல் ஓரத்தில் நாற்று, கவாத்து, உரம், பறிப்பு, விலை என்று ஐந்து பெயர்களையும் சாம்பல் நிறத்தில் எழுதினேன். அதை Duplicate Layout கொடுத்து ஐந்தாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை மட்டும் தடித்த பச்சையாக்கினேன். அப்புறம் அந்தந்தப் பகுதி ஸ்லைடுகளை மொத்தமாகத் தேர்ந்து, Home > Layout வழியாக மாற்றினேன். முதலில் வரும் நிரல் ஸ்லைடிலும் அதே பெயர்கள், அதே வரிசை.

நேற்று ஒரு சறுக்கல். உரத்திலிருந்து ஒரு ஸ்லைடைக் கவாத்துக்கு இழுத்தேன். மேலே 'உரம்' அப்படியே நின்றது. லேஅவுட் தானாக மாறாது. இப்போது View > Slide Sorter-இல் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

முழுப்படம் மட்டும் உள்ள ஸ்லைடுகளுக்கும் தனியாக ஐந்து லேஅவுட் வேண்டுமா? அக்கா வேண்டும் என்கிறார். எனக்குச் சோம்பல்.