டீலர்ஷிப்பும் பிரான்சைஸும் ஒன்றுதானா?

நிலா: தயாரிப்பாளரும் கடைக்காரரும் தனித்தனியாக இல்லாமல் ஓர் அமைப்பாக இயங்குவதைச் செங்குத்துச் சந்தைப்படுத்தல் அமைப்பு என்கிறார்கள். அதில் உடைமைவழி, ஒப்பந்தவழி, ஆதிக்கவழி என்று மூன்று வகை படிக்கிறோம். அவரவர் லாபத்தை அவரவர் பார்க்கும் பழைய முறையில் டீலரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார், பிரான்சைஸ் எடுப்பவரும் போடுகிறார். பிறகு பிரான்சைஸ் மட்டும் ஏன் இந்த அமைப்புக்குள் வருகிறது? இதனால் விலை குறையும் என்பது எப்படி?

மாறன்: விலை குறைவது எளிதாகப் புரியும் விஷயம். நடுவில் இருப்பவர் போய்விட்டால் அவருடைய மார்ஜினும் போய்விடும். ஸாராவைப் பாருங்கள். துணி வடிவமைப்பதிலிருந்து கடை வரைக்கும் எல்லாம் அவர்களுடையது. அதுதான் உடைமைவழி.

ஆதிரை: மாறன், நீங்கள் சொன்னதில் பாதி சரி. ஸாரா தையல் வேலையில் பெரும்பகுதியை வெளியே உள்ள பட்டறைகளுக்குக் கொடுக்கிறது. சில நாடுகளில் அதன் கடைகளே பிரான்சைஸில்தான் நடக்கின்றன. ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு வகையும் கலந்திருக்கும்.

நடுவில் இருப்பவரை எடுத்துவிட்டாலும் அவர் செய்த வேலை அப்படியே இருக்கும். சரக்கை வைக்க இடம் வேண்டும், கடன் கொடுக்க வேண்டும், திரும்பி வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். யாரோ ஒருவர் அந்தச் செலவைச் சுமந்துதான் ஆகவேண்டும். விலை குறைவதற்குக் காரணம் வேறு.

ஒரு பொருளைச் செய்ய 20 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 விலை என்றால் யாரும் வாங்க மாட்டார்கள். விலையில் ஒன்று குறைந்தால் வாங்குபவர் ஒருவர் கூடுவார். தயாரிப்பாளரும் கடைக்காரரும் தனித்தனியாகத் தங்கள் லாபத்தை மட்டும் பார்த்தால், தயாரிப்பாளர் 60க்குக் கொடுப்பார், கடைக்காரர் 80க்கு விற்பார். 20 பேர் வாங்குவார்கள். தயாரிப்பாளருக்கு 800, கடைக்கு 400, மொத்தம் 1200. இரண்டும் ஒரே கையில் இருந்தால் 60க்கு விற்பதுதான் லாபம். 40 பேர் வாங்குவார்கள், மொத்த லாபம் 1600. வாங்குபவருக்கு விலை குறைகிறது, விற்பவருக்கு லாபமும் கூடுகிறது. முன்பு கடைக்காரர் விலையை ஏற்றும்போது, குறைந்த விற்பனையால் தயாரிப்பாளர் இழந்தது அவர் கணக்கில் வரவே இல்லை. லாபத்தின் மேல் லாபம் ஏறியதுதான் கோளாறு.

மாறன்: அப்படியென்றால் கடையை விலைக்கு வாங்கினால்தானே தீரும்?

ஆதிரை: வாங்கவேண்டியதில்லை, ஒப்பந்தமே போதும். தயாரிப்பாளர் அடக்கவிலை 20க்கே சரக்கைக் கொடுத்துவிட்டு, நிலையான கட்டணமாக 1000 வாங்கிக்கொள்ளட்டும். கடைக்காரர் தன் நலனுக்காகவே 60 என்று விலை வைப்பார், 600 மிஞ்சும். முன்பு கிடைத்ததைவிட இருவருக்கும் 200 அதிகம்.

நிலா, உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கையெழுத்து இருக்கிறதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாதாரண டீலர் ஒப்பந்தம் எவ்வளவு எடுக்கிறீர்கள், எப்போது பணம் தருகிறீர்கள் என்பதோடு நின்றுவிடும். பிரான்சைஸ் ஒப்பந்தம் கடை எப்படி இருக்கவேண்டும், என்ன விற்கவேண்டும், வருமானம் எப்படிப் பிரியும் என்பதுவரை இறங்கிப் போகும்.

கருவிக்கடை பாண்டியன்: நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். நான் துளைப்பான், அறுப்பான் மாதிரி மின்கருவிகள் விற்கிறேன். ஒரு கம்பெனியோட டீலர். மாசக் கடைசியில சேல்ஸ் ஆள் வந்து உட்கார்ந்துக்குவார். "சார், இந்த மாசம் இதையும் எடுத்துக்குங்க"ன்னு சரக்கைத் தள்ளிவிட்டுட்டுப் போவார். விக்கலன்னா திரும்ப எடுக்கமாட்டாங்க. இன்னொரு கஷ்டம், வாடிக்கையாளர் என் கடைக்கு வந்து கருவியைக் கையில பிடிச்சு ஓட்டிப் பார்ப்பார், அரைமணி நேரம் சந்தேகமெல்லாம் கேட்பார், கடைசியில விலை குறைவா இருக்கிற இன்னொரு கடையில வாங்குவார். நான் எந்த வகையில வர்றேன்?

ஆதிரை: பாண்டியன் அண்ணா, நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பழைய முறையில்தான் இருக்கிறீர்கள். அந்த மாதக்கடைசிச் சரக்குதான் அடையாளம். உங்கள் கடைக்குள் சரக்கு வந்ததுமே கம்பெனி அதை விற்பனை என்று எழுதிக்கொள்கிறது. அது கடைசியாக ஒருவர் கைக்குப் போனதா என்பது அவர்கள் கவலை இல்லை. ஓர் அமைப்பாக இயங்குகிற இடத்தில், கடையில் உண்மையாக விற்றதை வைத்துத்தான் அடுத்த சரக்கு வரும்.

தேன்மொழி: ஆதிரை, உங்கள் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. கடை ஒன்றுதான் என்று வைத்துப் போட்டிருக்கிறீர்கள். ஒரே பொருளை இரண்டு கடைகள் கடுமையாகப் போட்டியிட்டு விற்றால் கடை மார்ஜின் கிட்டத்தட்ட காணாமல் போகும். தயாரிப்பாளர் 60க்குக் கொடுப்பார், கடையிலும் ஏறக்குறைய 60தான். உங்கள் 60 எந்த அமைப்பும் இல்லாமலே வந்துவிட்டது. போட்டி இருக்கிற இடத்தில் பழைய முறையே போதும் என்கிறேன்.

ஆதிரை: நல்ல கேள்வி. விலையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த 60ல் அரைமணி நேரம் கருவியை ஓட்டிக் காட்ட யார் செலவழிப்பார்கள்? அண்ணா சொன்ன இரண்டாவது கஷ்டம் இதுதான். விளக்கிச் சொல்பவருக்குச் செலவு, சொல்லாதவருக்கு விற்பனை. கொஞ்ச நாளில் எந்தக் கடையும் விளக்கிச் சொல்லாது, பொருளின் விற்பனையே குறையும். இன்ன பகுதிக்கு இவர் மட்டும் என்று ஒப்பந்தவழியில் எல்லை பிரிப்பது இதற்காகத்தான்.

தேன்மொழி: எல்லை பிரித்தால் போட்டி செத்துவிடுமே! உடைமைவழி இன்னும் மோசம். மூக்குக்கண்ணாடித் தொழிலில் நடந்ததைப் பாருங்கள். லக்சோட்டிக்கா 1999ல் ரே-பானை வாங்கியது. 2001ல் சன்கிளாஸ் ஹட் என்ற கடைச் சங்கிலியையும் வாங்கியது. அதே வருடம் அந்தக் கடைகளுக்குச் சரக்கு கொடுத்துவந்த ஓக்லிக்கு ஆர்டரைக் குறைத்தது. கடை கைக்கு வந்ததும் போட்டி பிராண்டின் வாசல் சுருங்கிவிட்டது. 2007ல் ஓக்லியையே வாங்கிவிட்டார்கள். உங்கள் கணக்கில் 60க்கு இறங்கிய விலை, போட்டியாளரே இல்லாதபோது அங்கேயே நிற்குமா?

ஆதிரை: நிற்காது. போட்டி பிராண்டுக்குக் கதவை அடைக்க முடிகிற இடத்தில் என் கணக்கு பொருந்தாது.

நிலா: பிரான்சைஸில் கட்டணம் நிலையாக இல்லாமல் விற்பனையில் ஒரு சதவீதம் என்றுதானே வாங்குகிறார்கள்?

ஆதிரை: பெரும்பாலும் அப்படித்தான். சண்டையும் அங்கேதான் வருகிறது. அதே பொருளை அடக்கவிலை 20க்கே கொடுத்து, விற்பனையில் 10 சதவீதம் வாங்குகிறார் என்று வையுங்கள். கடைக்காரருக்குச் சுமார் 61 என்று விலை வைப்பதுதான் லாபம். ஆனால் சதவீதம் வாங்குபவருக்கு மொத்த விற்பனைத்தொகை பெரிதானால் போதும், அது 50ல்தான் உச்சம். அதனால்தான் தள்ளுபடி அறிவிப்பு பெரும்பாலும் தலைமையிடமிருந்து வரும், முணுமுணுப்பு கடைக்காரரிடமிருந்து வரும்.

மாறன்: ஆதிக்கவழியைப் பற்றி யாரும் பேசவே இல்லையே. பெரிய தயாரிப்பாளர் சொல்வதைக் கடைகள் கேட்கும், அவ்வளவுதானே?

தேன்மொழி: தயாரிப்பாளர்தான் பெரியவராக இருக்கவேண்டும் என்றில்லை. 1980களின் இறுதியில் வால்மார்ட் என்ற கடைச் சங்கிலியும், டயப்பர் தயாரிக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிளும் விற்பனைத் தகவலைப் பகிர ஆரம்பித்தன. எந்தக் கடைக்கு எத்தனை டயப்பர் வேண்டும் என்பதைச் சரக்கு கொடுப்பவரே பார்த்து அனுப்பினார். ஒன்று மற்றொன்றின் உடைமை இல்லை, பிரான்சைஸும் இல்லை. இழக்க முடியாத வாடிக்கையாளர் என்பதால் பெரிய தயாரிப்பாளரே கடைக்கு ஏற்ப மாறினார். பிடிமானம் அந்த அளவும் பலமும் இருக்கும்வரைதான்.

கருவிக்கடை பாண்டியன்: அப்ப எனக்கு ஒண்ணு சொல்லுங்க. கம்பெனி இப்ப "எங்க பிராண்டு மட்டும் வெச்சா உங்க பகுதியை உங்களுக்கே தர்றோம்"னு பேப்பர் நீட்டுது. போடலாமா?

ஆதிரை: விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பதாக அதில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள் அண்ணா. இல்லையென்றால் மாதக்கடைசிச் சரக்கு தொடரும், வேறு பிராண்டு விற்று ஈடுகட்டவும் முடியாது.

தேன்மொழி: எழுதியிருந்தாலும் நான் போடமாட்டேன். உங்கள் பகுதியில் அவர்களே கடை திறக்கக்கூடாது, இணையத்தில் நேராக விற்கக்கூடாது என்றும் இருக்கிறதா பாருங்கள்.

கருவிக்கடை பாண்டியன்: இணையத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. நாளைக்கு அந்த ஆள் வர்றார், கேட்டுட்டு எழுதறேன்.