ரோமிங் இல்லாமல் போன இடத்தில் ஓடிபி கேட்டால்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை மூர்த்தி

அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்குச் சென்னை போய் வந்தோம். ரோமிங் போடவில்லை, வேண்டுமென்றுதான். அறையிலும் ஆஸ்பத்திரியிலும் வைஃபை இருந்தது, வீட்டோடு கதைக்க வட்ஸ்அப் போதும். ஜிமெயிலுக்கு ஓதென்டிகேட்டர் போட்டு, பேக்கப் கோடுகளையும் அச்சடித்துப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பிரச்சினையும் இல்லை. மாட்டியது காசில்தான்.

மீதிப் பணத்தைக் கட்டச் சொல்லி ஆஸ்பத்திரி ஒரு லிங்க் அனுப்பியது. கார்ட் விவரத்தை அடித்தேன், ஓடிபி கேட்கும் பக்கம் வந்தது. என் கொழும்பு நம்பரின் கடைசி இரண்டு இலக்கம், பக்கத்தில் நேரம் குறைந்துகொண்டே போகிறது. சிம் போனுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் மேலே ஒரு சிக்னல் கோடும் இல்லை. அம்மா கண்ணில் கட்டோடு பக்கத்தில் இருந்து "என்ன தம்பி, கட்டியாச்சோ, கட்டியாச்சோ" என்று கேட்கிறா. மின்னஞ்சலுக்கும் ஓடிபி வரும் என்று வங்கியில் முதலே சொல்லி வைத்திருந்தேன், அவர்களும் ஓம் என்றார்கள். வந்ததும் உண்மைதான், ஒன்லைன் பாங்கிங்கில் உள்ளே போவதற்கு. கார்ட்டுக்கு வரவில்லை. சரி, ஆஸ்பத்திரிக் கணக்குக்கு நேரே அனுப்புவோம் என்று பார்த்தால், புதிதாக ஒரு கணக்கைச் சேர்க்கவும் எஸ்எம்எஸ்தான் வேண்டுமாம்.

கடைசியில் கவுண்டரில் இருந்த பிள்ளைதான் "கார்ட் கையில இருக்கா சார்? அப்ப இங்கேயே போடுங்க" என்று மெஷினை நீட்டியது. கார்ட்டைச் செருகினேன், பின் நம்பரை அடித்தேன், முடிந்தது. அதே கார்ட், அதே தொகை. கட்டுநாயக்காவில் இறங்கிச் சிக்னல் வந்ததும் பழைய ஓடிபி எல்லாம் வரிசையாக வந்து விழுந்தது.

ஒரே வங்கிக்குள்ளேயே லொகினுக்கு ஒரு வழி, கார்ட்டுக்கு ஒரு வழி, புதுக் கணக்குச் சேர்க்க இன்னொரு வழி என்று இருப்பதை இங்கே இருக்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் இன்னும் மண்டையைக் குடைகிறது.

பம்பலப்பிட்டி பயணி

நான் சிங்கப்பூர் போனபோது ஒன்லைனில் ஈசிம் வாங்கினேன். இறங்கியவுடனே இன்டர்நெட், அவ்வளவு வேகம். ரோமிங்குக்கு ஏன் காசைக் கொட்டுகிறீர்கள் என்றே விளங்கவில்லை. எந்தப் பிளான் மலிவு என்று வேண்டுமானால் சொல்கிறேன், அதோடு ஏர்போர்ட் கவுண்டரில் மட்டும் வாங்காதீர்கள், அங்கே விலை கூட. முதலே வாங்கி வீட்டு வைஃபையில் இன்ஸ்டோல் பண்ணிவிட்டு, அங்கே போய் ஓன் பண்ணினால் சரி. போன் லொக் இல்லாததா என்றும் பாருங்கள்.

தெஹிவளை நெட்வேர்க்

பயணி, மூர்த்தி அண்ணா இன்டர்நெட் இல்லை என்று சொல்லவே இல்லையே. பயண ஈசிம் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டும்தான். அதில் நம்பர் இருந்தாலும் அது வங்கியில் பதிந்த நம்பர் கிடையாது. உங்கள் ஓடிபி கொழும்பு சிம்மைத் தேடித்தான் போகும்.

இதில் பலர் குழம்புவது ஒன்று. டேட்டா ரோமிங் வேறு, ரோமிங் வேறு. ரோமிங் சேவை நம்பரில் திறந்திருந்தால், போனில் Data roaming ஐ ஓஃப் பண்ணியே வைத்திருக்கலாம், எஸ்எம்எஸ் வரும். வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பல கம்பனிகள் காசு எடுப்பதில்லை, ஆனால் உங்கள் பேக்கேஜில் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்டர்நெட்டுக்கு ஈசிம், எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் பழைய சிம் என்று இரண்டையும் ஒரே போனில் வைக்கலாம். பிரீபெய்ட் என்றால் இங்கிருந்தே திறந்து, ரிலோட்டும் போட்டுக்கொண்டு போங்கள். அங்கே போய்த் திறக்கப் பார்த்தால் அதற்கும் ஒரு ஓடிபி கேட்டாலும் கேட்கும்.

ரோமிங்கே வேண்டாம் என்றால், மூர்த்தி அண்ணா கேட்டதற்கு வழி இதுதான். போகிறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னம், வங்கி திறந்திருக்கும் ஒரு நாளில், வீட்டிலேயே போனை ஃபிளைட் மோடில் போட்டு வைஃபையை மட்டும் ஓன் பண்ணுங்கள். வைஃபை கோலிங் இருந்தால் அதையும் ஓஃப் பண்ணுங்கள், இல்லாவிட்டால் அதன் வழியாக எஸ்எம்எஸ் வந்து உங்களை ஏமாற்றிவிடும். பிறகு அங்கே செய்ய வேண்டி வரும் ஒவ்வொன்றையும் உண்மையாகவே செய்து பாருங்கள். ஒன்லைன் பாங்கிங்கில் உள்ளே போங்கள். ஏற்கனவே சேர்த்த கணக்குக்கு நூறு ரூபா அனுப்புங்கள். புதுக் கணக்கு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். கார்ட்டால் ஒன்லைனில் ஏதாவது சின்னதாக வாங்குங்கள். எது நின்றுபோகிறதோ அதுதான் வெளிநாட்டிலும் நிற்கும். உங்களுக்கு அன்று இது தெரிந்திருந்தால் ஆஸ்பத்திரிக் கணக்கை இங்கேயே சேர்த்துவிட்டுப் போயிருக்கலாம், அதற்குப் பிறகு வங்கி ஆப் பின் நம்பரோடேயே அனுப்ப விட்டிருக்கக்கூடும். சிப் கார்ட்டை மெஷினில் செருகினால் பின் போதும், ஓடிபி அதில் வராது. ஆனால் வெளிநாட்டுப் பாவனைக்குக் கார்ட் திறந்திருக்க வேண்டும், பின் நம்பரும் ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

ஜிமெயிலுக்கும் இதே சோதனைதான். லப்டொப்பில் பிரைவேட் விண்டோ ஒன்றைத் திறந்து பாஸ்வேர்ட் அடியுங்கள், Try another way ஐ அழுத்துங்கள், வருகிற பட்டியலைப் பாருங்கள். போன் கையில் இருந்தால் கூகிள் அனுப்பும் ஆம்/இல்லை கேள்வி வைஃபையிலேயே வரும், அதற்குச் சிம் தேவையில்லை. போன் தொலைந்தால்தான் பேக்கப் கோடு. ஒரு செட்டில் பத்து, ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒரு தடவைதான் பாவிக்கலாம். புது செட் எடுத்தால் பழைய தாள் குப்பைக்கு. அதைப் போனின் கலரியில் படமாக வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், போன் போனால் அதுவும் சேர்ந்துதானே போகும்.

துபாய் சிவா

ஓதென்டிகேட்டர் இருந்தும் நான் மாட்டினேன். சிம்முக்குச் சிக்னல் இல்லாததால் போன் கொழும்பு நேரத்திலேயே நின்றது. டாக்ஸிக்காரர் வெளியில் நிற்கிறார், நேரம் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறதே என்று செட்டிங்ஸில் போய் கையால் ஒன்றரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினேன். அன்று இரவு கம்பனி மெயிலுக்குள் போகப் பார்த்தால் அடிக்கிற கோடெல்லாம் பிழை என்கிறது. முப்பது விநாடி காத்து அடுத்த கோடு, அதுவும் பிழை. ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவோமா என்று விரலை வைத்தே விட்டேன். நல்ல காலம், அறையில் இருந்த மலையாளிப் பெடியன் "அண்ணா, நேரத்தை மாத்தினீங்களா" என்று கேட்டான்.

தெஹிவளை நெட்வேர்க்

அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள் சிவா. அழித்திருந்தால் முடிந்தது கதை. அந்தக் கோடு உலகப் பொது நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது, இன்டர்நெட்கூட வேண்டாம். நேர வலயத்தை துபாய் என்று மாற்றினால் பொது நேரம் அப்படியே இருக்கும். வலயம் கொழும்பு என்றே இருக்க மணியை மட்டும் மாற்றினால், போன் தொண்ணூறு நிமிடத்துக்கு முந்திய கோடுகளைக் காட்டிக்கொண்டிருக்கும். ஓட்டோமெட்டிக் நேரத்தை ஓன் பண்ணி, வலயத்தை மட்டும் கையால் தெரிவு செய்யுங்கள்.

வத்தளை குமார்

இவ்வளவு தலையிடி எதற்கு? வைஃபை கோலிங் ஓன் பண்ணினால் ஓடிபி எல்லாம் வைஃபையிலேயே வரும். மலேசியாவில் ஹோட்டல் அறையில் இருந்து எடுத்தேன், ரோமிங் ஒரு சதம்கூட இல்லை. தெரியாமல் ஆட்களைப் பயமுறுத்த வேண்டாம்.

தெஹிவளை நெட்வேர்க்

உங்களுக்கு வந்தது உண்மையாக இருக்கும் குமார். ஆனால் எல்லோருக்கும் வரும் என்றால் பிழை. கம்பனி அந்தச் சேவையைத் தர வேண்டும், உங்கள் போன் மொடலையும் ஏற்க வேண்டும், வெளிநாட்டு இன்டர்நெட்டில் இருந்து வந்தால் சில கம்பனிகள் விடாது. வெள்ளவத்தை வீட்டில் வேலை செய்ததை வைத்துக் கோலாலம்பூரிலும் செய்யும் என்று சொல்ல முடியாது. வந்தால் லாபம் என்று ஓன் பண்ணிக்கொண்டு போங்கள், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

வத்தளை குமார்

எனக்கு வந்தது, என் மச்சானுக்கும் வந்தது. நீங்கள் புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறீர்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா

நாங்கள் லண்டன் போகும்போது என் சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டு மாமியிடம் கொடுத்துவிட்டுப் போனோம். மின்சார பில் கட்டுகிற நேரம் வட்ஸ்அப்பில் கோல் எடுப்பேன், மாமி கண்ணாடியைத் தேடுவா, அதற்குள் நேரம் போய்விடும், திரும்ப அனுப்பச் சொல்லுவேன். ஒருநாள் மாமி தானாகவே கோல் எடுத்து, "பிள்ளை, வங்கியில் இருந்து ஒரு தம்பி கதைச்சவர், வந்த நம்பரைக் கேட்டார், குடுக்கட்டோ" என்று கேட்டா. எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் ஓடிபி எதுவும் கேட்டிருக்கவே இல்லை! கொடுக்கவில்லை, கடவுள் புண்ணியம். அன்றைக்கே போனை ஓஃப் பண்ணச் சொன்னேன்.

வட்ஸ்அப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிம்மைக் கழற்றினாலும் வட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும், அங்கே ஆப்பை அழிக்காமல் இருந்தால் சரி. என் தங்கை மகன் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டான், திரும்பப் போட எஸ்எம்எஸ் கேட்டது. பிறகு ஊர் வரும்வரை அவனோடு கதைக்க அவனுடைய நண்பனின் நம்பர்தான்.

தெஹிவளை நெட்வேர்க்

அக்கா, சிம்மை வீட்டில் விடுவதை நான் பிழை என்று சொல்லமாட்டேன், வயதான ஆளிடம் விடுவதுதான் பயம். விடுவதென்றால், நான் வட்ஸ்அப்பில் முகம் காட்டிக் கேட்டால் மட்டும் வாசி, வேறு யார் கேட்டாலும் கோலை வெட்டு என்று சொல்லக்கூடிய ஒருவரிடம் விடுங்கள். ஓடிபியை வீட்டு ஆளுக்கும் சொல்லக்கூடாது என்பதுதான் வங்கிகள் சொல்வது. பிறகு ஏதும் பிரச்சினை வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுவார்கள், அதையும் யோசியுங்கள்.

வெள்ளவத்தை மூர்த்தி

நெட்வேர்க் தம்பி சொன்னபடி நேற்று ஃபிளைட் மோடில் போட்டுப் பார்த்தேன். லொகின் சரி. ஏற்கனவே சேர்த்த கணக்குக்கு அனுப்பியதும் சரி, பின் மட்டும்தான் கேட்டது. புதுக் கணக்கு, கார்ட் இரண்டும் நின்றது. வங்கிக்குக் கோல் எடுத்தால் ஒருவர் கார்ட் ஓடிபியையும் மின்னஞ்சலுக்கு மாற்றலாம், கிளைக்கு வந்து படிவம் நிரப்புங்கள் என்கிறார். கிளையில் இருந்த பிள்ளை அப்படி ஒரு படிவமே இல்லை என்கிறது. அடுத்த செக்கப்புக்கு அம்மாவைத் திரும்பக் கூட்டிப்போக வேண்டும், அதற்குள் ஆஸ்பத்திரிக் கணக்கைச் சேர்த்துவிட்டேன். கார்ட் ஓடிபியை மின்னஞ்சலுக்கு மாற்றிய யாராவது இங்கே இருந்தால், கிளையில் என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி பயணி

சென்னைக்கு என்றால் என்னிடம் நல்ல ஈசிம் ஒன்று இருக்கிறது அண்ணா.