நூறுக்குப் பிறகு 1001: குழந்தைகள் தட்டி அனுப்பும் வரிசைகளுக்கு நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள்?

பொள்ளாச்சி அப்புச்சி
மகள் வயிற்றுப் பேத்தி திருப்பூரில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். தன் அம்மாவின் கைபேசியில் எண்களைத் தட்டி எனக்கு அனுப்புவது அவளுக்குப் பிடிக்கும். சென்ற வாரம் வந்தது இது:

98 99 100 1001 1002

நூற்றொன்று என்று காதில் விழுந்ததை அப்படியே, நூறை எழுதிப் பக்கத்தில் ஒன்றை வைத்திருக்கிறாள். "நூறைத் தொட்டுவிட்டாயே கண்ணு! அப்புச்சியும் கூட எண்ணுகிறேன்: 99, 100, 101. அடுத்தது நீ" என்று எழுதினேன். உடனே 102 வந்தது. 109 வரை பிசகில்லை. அதன் பிறகு 10010 என்று வந்ததுதான் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

கோபி அம்மா
தவறு என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கைபேசியில் தட்டுவதால் எதுவும் பதியாது. நோட்டில் எழுதினால்தான் பதியும்.

ஈரோடு, ஓய்வு பெற்ற ஆசிரியை
கோபி அம்மா சொல்வது எழுத்தின் வடிவத்துக்குப் பொருந்தும். ஆனால் 1001 நோட்டிலும் வரும். என் வகுப்பில் ஆண்டுதோறும் வந்தது. அப்புச்சி எழுதிய பதில் அன்பானது, குழந்தையும் தொடர்ந்து எண்ணினாள். ஆனால் அவள் 101-இன் சாயலைப் பார்த்து 109 வரை போயிருக்கிறாள். பத்து வந்ததும் பார்த்து எழுதச் சாயல் இல்லை. நூற்று இருபத்து நான்கைத் தட்டச் சொல்லிப் பாருங்கள். 10024 என்று வந்தால் பத்தும் ஒன்றும் அவளுக்குத் தெளிவு, நூறு மட்டுமே ஒட்டாமல் நிற்கிறது. 100204 என்று வந்தால் இருபத்து நான்கிலிருந்தே தொடங்க வேண்டும். பிறகு 100, 10, 1 என்று மூன்று அட்டைகள் வெட்டுங்கள். 10-இன் அட்டை இரண்டு இலக்க அகலமும், 1-இன் அட்டை ஓர் இலக்க அகலமும் இருக்கட்டும். 100-இன் மேல் வலது ஓரத்தில் 10-ஐ வைத்தால் இரண்டு சுழியங்களும் மறைந்து 110 ஆகும். 1-ஐ வைத்தால் கடைசிச் சுழியம் மட்டும் மறையும். நூறு அடியில் அப்படியே இருப்பதை அவளே தூக்கிப் பார்ப்பாள்.

நாமக்கல் அப்பா
என் மகன் abcdefghijkmnop என்று தட்டினான், l மட்டும் இல்லை. பாட்டில் அந்த இடம் வேகமாக ஓடுவதால் அது அவன் காதில் தனி எழுத்தாக விழவில்லை. "j வரை வந்த ரயிலில் நானும் ஏறிக்கொள்கிறேன்: k, l, m" என்று பதில் எழுதினேன், மறுநாள் l வந்துவிட்டது. உங்கள் பேத்திக்கும் எண்பாட்டை மெதுவாகப் பாடிக் காட்டுங்கள், சரியாகிவிடும்.

ஈரோடு, ஓய்வு பெற்ற ஆசிரியை
அவளுக்கு வரிசையில் எதுவும் விடுபடவில்லை ஐயா, எழுதும் முறைதான் சிக்கல். பாட்டு அதற்கு உதவாது.

பொள்ளாச்சி அப்புச்சி
124 கேட்டேன் அம்மா, 10024 வந்தது. "இருபத்து நான்கை அழகாக எழுதியிருக்கிறாய் கண்ணு" என்று மட்டும் பதில் போட்டேன். அட்டை வெட்ட அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கோபி அம்மா
10024-க்கு "அழகு" என்றால் அந்தக் குழந்தை அதையே சரி என்று நினைத்துக்கொள்ளாதா?