புது பேட்டரி உப்பி எரிந்தது: தவறு கடைக்காரருடையதா, விநியோகஸ்தருடையதா?

மண்டபம் கடைக்காரர்

பழைய பேட்டரி உப்பி எரிந்ததைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் கடையில் எரிந்தது, மதுரை விநியோகஸ்தரிடமிருந்து அன்று காலைதான் வந்த, உறை பிரிக்காத புது பேட்டரி. அதனால்தான் இன்றுவரை மனம் ஆறவில்லை.

விசைப்படகில் தொழிலுக்குப் போகும் அண்ணன் ஒருவரின் போனுக்கு 5000 எம்.ஏ.எச். பேட்டரி வரவழைத்திருந்தேன். மாட்டிப் பார்த்தால் போன் எழவில்லை. மல்டிமீட்டர் 0.7 வோல்ட் காட்டியது. நம் தொழிலில் எல்லோரும் செய்வதைப்போல டி.சி. சப்ளையில் 4.2 வோல்ட் வைத்து, 2 ஆம்பியர் வரை திறந்துவிட்டு, பூஸ்ட் கொடுத்தேன். பக்கத்தில் ஒருவருக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தபோது, மேசைப் பக்கம் மெல்லிய சத்தம் கேட்டுத் திரும்பினேன். பேட்டரியின் வெள்ளித்தோல் நடுவில் மேலெழும்பி, அதன்மேல் அச்சடித்திருந்த எழுத்துகள் இழுபட்டு அகலமாகத் தெரிந்தன. உடனே கிளிப்பைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கிய பிறகும் அது உப்பிக்கொண்டே போனது. மின்சாரம் நின்ற பிறகு எது அதை உப்ப வைக்கிறது என்று நான் திகைத்து நின்ற அந்தச் சில நொடிகளை என்னால் மறக்க முடியவில்லை.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் போன்ற இனிப்பான நெடி வந்தது. பிறகு ஓரம் கிழிந்து வெண்புகை சீறி, அந்தப் புகையே தீப்பிடித்தது. கடையில் வைத்திருந்த வாளி மணலை அப்படியே கொட்டினேன். தீ அடங்கிவிட்டது என்று நினைத்தேன். ஐந்தாறு நிமிடத்தில் மணலுக்குள்ளிருந்து மறுபடி புகை கிளம்பி, பக்கத்திலிருந்த கண்ணாடி ஒட்டும் தாள்கட்டு பற்றிக்கொண்டது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் குடிதண்ணீர்க் கேனைக் கவிழ்த்த பிறகுதான் உண்மையாகவே அணைந்தது. பக்கத்துக் கடைத் தம்பி 101-க்கு அழைத்திருந்ததால் தீயணைப்பு வண்டியும் வந்தது. பார்த்துவிட்டு, நடந்ததை எழுத்தில் தரச் சொன்னார்கள். விநியோகஸ்தரோ, "நீங்கள் பூஸ்ட் கொடுத்தீர்கள், எனவே எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று தொலைபேசியிலேயே முடித்துவிட்டார். அதே பெட்டியில் இன்னும் எட்டு பேட்டரிகள் இருக்கின்றன. அவற்றில் நான்கை அளந்தேன். இரண்டு, 1 வோல்ட்டுக்கும் கீழே இருக்கின்றன. தவறு என்னுடையது மட்டும்தானா?

இராமநாதபுரம் பழைய மெக்கானிக்

தம்பி, பதினெட்டு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் அந்த பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம். அதை எழுப்பப் பார்த்ததுதான் தவறு. அதைவிடப் பெரிய தவறு தண்ணீர் ஊற்றியது. லித்தியமும் தண்ணீரும் சேர்ந்தால் வெடிக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. என் கடையிலும் ஒருமுறை, டிஸ்பிளே கழற்றும்போது இரும்புத் தகடு பட்டு பேட்டரி கிழிந்து எரிந்தது. மணல் போட்டேன், அணைந்தது, அவ்வளவுதான். எல்லோரும் மேசைக்கடியில் இரண்டு வாளி மணல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடற்கரை மணலை எடுக்காதீர்கள், உப்பும் ஈரமும் இருக்கும். ஆற்று மணலை வாங்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மூடிபோட்ட வாளியில் வையுங்கள். பேட்டரியைக் கழற்ற இரும்பு வேண்டாம், பிளாஸ்டிக் அட்டையையே பயன்படுத்துங்கள். பசை இறுகியிருந்தால் ஐ.பி.ஏ. திரவத்தை ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். கழற்றுவதற்கு முன்பு போனில் சார்ஜ் இருந்தால் முடிந்த அளவு இறக்கிவிடுங்கள், நிறைந்த பேட்டரி எரியும் வேகமே வேறு. ஹீட் கன்னை பேட்டரி இருக்கும் பக்கம் காட்டவே கூடாது.

தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

பெரியவர் சொன்ன மற்றவை சரி. தண்ணீரைப் பற்றிச் சொன்னதை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதை நம்பி யாராவது தண்ணீர் ஊற்றத் தயங்கினால் கடையே போய்விடும். பள்ளிப் பாடத்தில் வருவது உலோக லித்தியம். போன் பேட்டரிக்குள் அந்த உலோகம் கட்டியாக இருப்பதில்லை. எரிவது உள்ளேயிருக்கும் திரவமும் அதன் ஆவியும்தான். அந்தத் தீயை ஊட்டுவது பேட்டரிக்குள்ளேயே பிறக்கும் வெப்பம். மணல் தீ பரவுவதைத் தடுக்கும். ஆனால் வெப்பத்தை வெளியே விடாமல் போர்வை போர்த்தியதுபோல உள்ளேயே வைத்திருக்கும். உங்கள் மேசையில் ஐந்து நிமிடம் கழித்துப் புகை வந்தது அதனால்தான். தண்ணீர் அந்தச் சூட்டைக் குடிக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஊற்றியது மிகச் சரி. இன்னும் கொஞ்ச நேரம் ஊற்றியிருக்கலாம் என்பேன்.

எனக்கு அதிகக் கவலை தந்தது, நீங்கள் எழுதாத ஒன்று. கடை எவ்வளவு பெரியது, கதவு திறந்திருந்ததா? அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்ற அரிக்கும் வாயு இருக்கும். எட்டுக்குப் பத்து அடிக் கடையில், ஏ.சி.க்காகக் கண்ணாடிக் கதவை மூடிவைத்திருந்தால், தீயைவிட முதலில் புகைதான் ஆளைச் சாய்க்கும். தொண்டை எரிச்சலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தீயை நீங்களே அணைத்துவிட்டாலும் நிலையத்துக்குத் தெரிவித்தது வீண்போகாது. காப்பீடு கேட்கும்போதும், நாளை விநியோகஸ்தரோடு வழக்கு என்று வந்தாலும், தேதியும் நேரமும் எங்கிருந்து தீ தொடங்கியது என்பதும் அரசுப் பதிவில் இருக்கும். கடிதத்தில் "பேட்டரி வெடித்தது" என்று ஒரு வரியில் முடிக்காமல், சப்ளையில் வைத்த வோல்ட், ஆம்பியர், எத்தனை நிமிடம் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

கீழக்கரை சகோதரி

எங்கள் காக்கா துபாயிலிருந்து கொண்டுவந்த போனும் இப்படித்தான் ஆனது. பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் அதை அமுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு மாதம் பேசிக்கொண்டிருந்தார். இரவில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தே சார்ஜ் போடுவார். இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊசியால் ஒரு சிறு துளை போட்டால் காற்று இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உப்புநீரில் போட்டுவைத்தால் சக்தி இறங்கிவிடும் என்றும் ஒருவர் சொன்னார். எதைச் செய்வது?

மதுரையில் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்தவர்

சகோதரி, இரண்டையும் செய்யாதீர்கள். துளையிட்டால் உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டு அங்கேயே தீப்பிடிக்கும். உப்புநீர் முதலில் இணைப்பு முனைகளை அரித்துவிடும்; பிறகு உள்ளே சக்தி மிச்சமிருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போய்விடும். போனை அணைத்து, சார்ஜில் போடாமல், எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் மண்சட்டியில் வைத்து, கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அமுக்க வேண்டாம்.

இப்போது மண்டபத்து அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். மீட்டரில் பூஜ்யம் காட்டினால் செத்த பேட்டரி என்று பெரியவர் சொன்னது பாதிதான் சரி. பேட்டரியின் தலைப்பகுதியில் மஞ்சள் டேப்புக்குள் ஒரு சிறு பாதுகாப்புப் பலகை இருக்கிறது. சார்ஜ் குறைந்தால் அது வெளி இணைப்பைத் துண்டித்துவிடும். கனெக்டரில் அளந்தால் பூஜ்யம் காட்டும், ஆனால் உள்ளேயிருக்கும் செல் 2.5 வோல்ட்டுக்கு மேல் நலமாகவே இருக்கலாம். அப்படிப்பட்டதை மிகக் குறைந்த ஆம்பியரில் எழுப்பலாம். பலகைக்குப் பின்னால், செல்லின் இரண்டு தகட்டு முனைகளிலேயே 0.7 என்று காட்டினால் கதை வேறு. அந்த அளவுக்கு இறங்கி நாட்கணக்கில் கிடந்தால் உள்ளேயிருக்கும் செம்புத்தகடு கரைந்து திரவத்தில் கலந்துவிடுகிறது. நீங்கள் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளேயே பாலம் போட்டுவிடுகிறது. கிளிப்பைப் பிடுங்கிய பிறகும் உப்பியது என்றீர்களே, ஏற்றிய சக்தி அந்தப் பாலத்தின் வழியாக உள்ளுக்குள்ளேயே சூடாகிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நீங்கள் எங்கே அளந்தீர்கள், கனெக்டரிலா, தகட்டிலா? அதைச் சொல்லாமல் யாரும் உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை என் வேலை அனுபவத்தில் சொல்வேன். தொழிற்சாலையிலிருந்து கிளம்பும்போது பேட்டரி பாதியளவு சார்ஜோடு, 3.7 வோல்ட்டுக்கு மேல்தான் வரும். ஒரே பெட்டியில் மூன்று பேட்டரிகள் 1 வோல்ட்டுக்குக் கீழே இருக்கின்றன என்றால், அவை சூடான கிடங்கில் நெடுநாள் கிடந்திருக்க வேண்டும், அல்லது பழைய செல்லுக்குப் புது உறை போட்டிருக்க வேண்டும். அது உங்கள் மேசையில் நடந்த தவறு அல்ல. விநியோகஸ்தருக்குத் தொலைபேசியில் பேசாமல் எழுத்தில் அனுப்புங்கள்: ஜி.எஸ்.டி. பில் எண், பேட்டரிமேல் இருக்கும் தயாரிப்புக் குறியீட்டின் படம், மீதி எட்டையும் மீட்டரோடு வைத்து எடுத்த படம். எரிந்ததையோ உப்பியதையோ பேருந்துப் பார்சலில் மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள்.

இராமநாதபுரம் பழைய மெக்கானிக்

தண்ணீர் விஷயத்தில் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் முழுமனதோடு அல்ல. மின்சாரம் ஓடும் மேசையில் தண்ணீர் ஊற்றச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஒரு சந்தேகம்: 2 ஆம்பியருக்குப் பதில் கால் ஆம்பியரில் பூஸ்ட் கொடுத்திருந்தால் தப்பித்திருக்குமா?

மதுரையில் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்தவர்

மெதுவாகச் சூடாகியிருக்கும், உங்களுக்குக் கவனிக்க நேரம் கிடைத்திருக்கும். செம்பு கரைந்த செல் என்றால், அதைப் போனில் மாட்டி அந்த அண்ணனிடம் கொடுத்திருப்பீர்கள், படகில் எரிந்திருக்கலாம்.

மண்டபம் கடைக்காரர்

ஐயா, கதவு மூடித்தான் இருந்தது. இரண்டு நாள் தொண்டை எரிச்சல் இருந்தது, இப்போது இல்லை. நான் அளந்தது கனெக்டரில்தான். உங்கள் பதிலைப் பார்த்த பிறகு மீதியிருந்த இரண்டு மோசமான பேட்டரிகளின் டேப்பைக் கவனமாகப் பிரித்து, தகட்டு முனையிலேயே அளந்தேன்: ஒன்று 0.6, மற்றொன்று 0.9. எரிந்தது எவ்வளவு இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. உறையில் அச்சிட்டிருந்த, தரப் பதிவைக் காட்டும் ஆர் எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்ததில், வேறொரு பொருளின் விவரம் வந்தது. இவை எல்லாவற்றையும் படத்தோடு எழுதி, தீயணைப்பு நிலையத்துக்குக் கொடுத்த கடிதத்தின் நகலையும் இணைத்து விநியோகஸ்தருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நலமாக இருந்த ஆறு பேட்டரிகளைப் பணம் தந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆர் எண்ணைப் பற்றியும், அந்தப் பெட்டியிலிருந்து வேறு எந்தெந்தக் கடைக்குப் போனது என்பதைப் பற்றியும் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அவர்களிடமே வாங்கும் நான்கு கடைகளுக்கு நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது பெட்டி வந்தால், கொண்டுவரும் தம்பி நிற்கும்போதே ஒவ்வொன்றையும் அளக்கிறேன், 3.5 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதை வாங்குவதில்லை. போன வாரம் பத்தில் இரண்டு திரும்பிப் போயின. அந்த இரண்டு மோசமான பேட்டரிகள் கடைக்குப் பின்னால் மண்சட்டியில் இன்னும் இருக்கின்றன.