தங்கச்சியின் சிகிச்சைக்கான நிதி சேகரிப்புக்கு எந்தத் தலைப்பை வைப்பது?

அன்பார்ந்த ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நமது ஊர்த் தங்கச்சிக்கு கோஃபண்ட்மீ தளத்தில் நிதி சேர்ப்பதென்று போன மாதம் முடிவெடுத்தோம். இலங்கை வங்கிக் கணக்குக்கு அத்தளம் நேரடியாகப் பணம் அனுப்பாது என்பதால், ரொறன்ரோவிலுள்ள மருமகன் தன் பெயரில் பக்கத்தைத் திறந்து, பணத்தை ஊருக்கு அனுப்பப் பொறுப்பேற்றிருக்கிறார். தலைப்பு மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இதுவரை வந்த யோசனைகளையும், தங்கச்சியுடன் நான் பேசியதையும் ஓரிடத்தில் எழுதுகிறேன்.

முதலில் வந்த தலைப்பு, ‘ஏழைத் தாயின் உயிரைக் காப்பாற்றச் சிறுநீரகம் வாங்க உதவுங்கள்’ என்பது. எழுதியவர் நல்ல மனத்தோடுதான் எழுதினார். ஆனாலும் ‘வாங்க’ என்ற சொல் அங்கே நிற்கவே கூடாது. மனித உறுப்பை விற்பதும் வாங்குவதும் இலங்கையில் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். தங்கச்சிக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்திருப்பவர் அவரது உடன்பிறந்த தம்பி. அங்கே ஒரு சதப் பணமும் கைமாறவில்லை. நாளைக்கு வைத்தியசாலையில் யாராவது அத்தலைப்பைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கேள்வி கேட்டால், அவர் மனமுவந்து செய்யும் காரியத்தின் மேல் நாமே சந்தேகத்தைக் கிளப்பியவர்களாகிவிடுவோம்.

‘ஏழை’ என்ற சொல்லைப் பற்றித் தங்கச்சியிடமே கேட்டேன். “அண்ணன், நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். நாளைக்கு அந்தப் பிள்ளைகளும் அதைப் பார்ப்பாங்க. வருத்தம் எண்டு போடுங்க, உதவி வேணும் எண்டும் போடுங்க, ஏழை எண்டு மட்டும் போடாதீங்க” என்றார். அதற்கு மேல் அச்சொல்லைப் பற்றி நாம் விவாதிக்கத் தேவையில்லை.

லண்டன் மாமா, கண்டி அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம் என்றும், ஆகவே நிதி சேர்ப்பதே பிழை என்றும் எழுதியிருந்தார். முதற்பாதி முழுக்கச் சரி. சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் இப்போது நடக்கும் இரத்தச் சுத்திகரிப்புக்கும் கட்டணம் இல்லை. ஆகவே ‘சத்திரசிகிச்சைக்கு நிதி’ என்று தலைப்பிட்டால் அது உண்மையல்ல. ஆனால் வெளியே செய்யச் சொல்லும் பரிசோதனைகள், தங்கச்சியும் அவரது தம்பியும் துணைக்கு ஒருவரும் கண்டியில் வாரக்கணக்கில் தங்கும் செலவு, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க நாள் தவறாமல் எடுக்க வேண்டிய மருந்து வைத்தியசாலையில் கையிருப்பில் இல்லாத நாட்களில் அதை வெளியே வாங்குவது ஆகியவை அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. மாமாவின் கேள்வி நமக்குக் கோபமூட்டினாலும், வெளியார் எல்லோரும் கேட்கப்போகும் கேள்வி அதுவே. அதனால் பணம் எதற்கு என்பதைத் தலைப்பே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதன்படி நான் முதலில் எழுதியது, ‘சிறுநீரக மாற்று: மருந்து, தங்குமிடச் செலவு – மட்டக்களப்பு ஆசிரியை’ என்பதாகும். இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் பல வருடம் தாதியாக வேலை செய்யும் மெல்பேர்ன் அக்கா இதில் ஒரு குறையைக் காட்டினார். இரத்தவகை பொருந்தினாலும், பெறுபவரின் இரத்தம் கொடுப்பவரின் உயிரணுக்களை எதிர்க்கிறதா என்ற பரிசோதனை சத்திரசிகிச்சைக்குச் சற்று முன்பும் ஒருமுறை செய்யப்படும், அதிலும் மறுக்கப்படலாம். தம்பியின் சொந்த உடல்நலப் பரிசோதனையில் ஏதாவது தெரிந்தாலும் வைத்தியர்கள் அவரைக் கொடுக்க விடமாட்டார்கள். அப்படி நடந்தால் மாற்று தள்ளிப்போகும், இரத்தச் சுத்திகரிப்புத் தொடரும், செலவும் தொடரும்; ஆனால் தலைப்பு மட்டும் நடக்காத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே ‘மாற்று’ என்பதை எடுத்து, ‘சிறுநீரகச் சிகிச்சை: மருந்து, தங்குமிடச் செலவு – மட்டக்களப்பு ஆசிரியை’ என்று திருத்தியிருக்கிறேன்.

அக்கா சொன்னது எனக்கு ஏன் உடனே உறைத்தது என்றால், சில வருடங்களுக்கு முன் என் மனைவியின் உறவினர் ஒருவருக்கு ‘உயிரைக் காப்பாற்றுவோம்’ என்ற தலைப்பில் நான் நிதி சேர்த்தேன். அவர் இறந்துவிட்டார். வைத்தியச் செலவின் கடன் பாக்கி இருந்தது. அதை அடைக்கவே பணம் தேவைப்பட்டது. ஆனால் உயிர் போன பின் அந்தத் தலைப்போடு ஒரு நாணயம் கேட்கவும் வாய் வரவில்லை. மீதிப் பணம் என்னவாயிற்று என்று கேட்டவர்களுக்கு, முப்பத்தோராம் நாள் கருமம் முடியுமுன்னே அவரது மகள் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அது என் தலைப்பால் வந்தது.

தலைப்பைப் பின்னர் மாற்றலாம்தானே என்று ஒஸ்லோ தம்பி கேட்டிருந்தார். பக்கத்தில் மாற்றலாம். ஆனால் வட்ஸ்அப்பில் ஏற்கெனவே அனுப்பிய செய்தியில் இணைப்போடு போன முன்காட்சியில் பழைய தலைப்பே நிற்கும். அதுதான் குழுக்குழுவாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த முன்காட்சி நீளமான தலைப்பை வெட்டியும் விடுகிறது. அதனால்தான் நோயையும் தேவையையும் முன்னே வைத்தேன். ‘மட்டக்களப்பு ஆசிரியை’ வெட்டுப்பட்டாலும் எஞ்சிய பகுதி பொருள் தரும். தமிழில் தலைப்பு விரைவில் நீண்டுவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘சிறுநீரகம்’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. விசிறி, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு அது பத்து. இணைப்பு முகவரியில் தமிழைப் போட்டால் இன்னும் மோசம். நகலெடுக்கும்போது ‘ச’ ஒன்றே `%E0%AE%9A` என்று ஒன்பது குறிகளாகிவிடும். அந்த ஒரு சொல் தொண்ணூறு குறிகளாக நீளும். அப்படிப்பட்ட இணைப்பைப் பார்த்தால் நம் பெரியவர்கள் மோசடி என்று தொடமாட்டார்கள். தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரியின் கடைசிப் பகுதியை `batticaloa-kidney-care` என்று வைக்க மருமகன் சம்மதித்திருக்கிறார்.

முன்னாள் வண்ணக்கரின் மகன் கோவிலின் பெயரையும் தலைப்பில் சேர்க்கக் கேட்டிருக்கிறார். சேர்த்தால் ஊரார் உடனே நம்புவார்கள் என்பது அவர் வாதம். ஊராருக்கு அது சரிதான். ஆனால் படுவான்கரையையே அறியாத ஒருவர் அதைத் திருப்பணிக்கான பணம் என்று எடுத்துக்கொள்வார். கோவிலின் பெயரைக் கதைப் பகுதியின் முதற்பந்தியில், தங்கச்சி எந்த ஊர் என்று சொல்லும் இடத்தில் எழுதலாம். சூரிச் பெரியம்மா தன் முழங்காலுக்கும் இப்படிச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். அவருக்குத் தனியாகத் தொலைபேசியில் பேசுகிறேன்.

தீராமல் நிற்பது ஒன்றுதான்: தங்கச்சியின் பெயர் தலைப்பில் வரலாமா? பெயர் இருந்தால் நம்பிக்கை கூடும் என்று மருமகன் சொல்கிறார். தேடுபொறியில் அவர் பெயரோடு நோய் காலாகாலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகள் வளர்ந்தபின் அதைப் பார்ப்பார்கள் என்று அக்கா சொல்கிறார். எனக்கு இரண்டும் நியாயமாகவே படுகின்றன. தங்கச்சி வெள்ளிக்கிழமை மட்டக்களப்பிலிருந்து திரும்பிய பின் கணவரோடு பேசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவரது பதில் வரும்வரை மருமகன் பக்கத்தைத் திறக்கமாட்டார். நீங்களும் பழைய தலைப்பை எந்தக் குழுவிலும் அனுப்ப வேண்டாம்.